ஏ.எம்., எப்.எம்.: குரல் அலையில் ஏறும் இடத்தில் விடப்படும் பிழைகள்

வானொலி நிலையம் ஓயாமல் அனுப்பும் அலைக்குக் காவி அலை என்று பெயர். அதற்கு ஒரு வீச்சமும் ஒரு மீடிறனும் உண்டு. குரல் வீச்சத்தை அசைத்தால் ஏ.எம்., மீடிறனை அசைத்தால் எப்.எம். இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதற்கு அடுத்த படியில்தான் கொப்பியில் வரையும் மாணவரும் ரேடியோ திருத்துகிறவரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஏ.எம். படம். பெரும்பாலானோர் குரல் அலையை ஒரு வளைகோடாக வரைந்து, அதன் மேலேயே காவி அலையின் நெருக்கமான நெளிவுகளை ஏற்றி விடுகிறார்கள். அப்போது அலையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். இது குரலைக் காவி அலையில் ஏற்றும் பண்பேற்றம் அல்ல, இரண்டு அலைகளைக் கூட்டியது மட்டுமே. இப்படிக் கூட்டி அன்டெனாவுக்குக் கொடுத்தால் காவி அலை வெறுமையாகத்தான் வெளியே போகும், ரேடியோவில் சத்தமே வராது. சரியான படத்தில் மேல் விளிம்பு ஏறும்போது கீழ் விளிம்பு இறங்க வேண்டும். அலை நடுவில் பருத்தும் மெலிந்தும் போக, இரு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். வரைந்த படத்தில் இதை மட்டும் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

உண்மையில் அங்கே நடப்பது பெருக்கல். தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹேர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் 1 கிலோஹேர்ட்ஸ் விசில் சத்தம் ஒன்றை ஏற்றினால் 1053 அப்படியே நிற்கும், அதன் இரு பக்கமும் 1052இலும் 1054இலும் புதிதாக இரண்டு அலைகள் பிறக்கும். இவைதான் பக்கப்பட்டைகள். விசில் இருப்பது இவற்றில்தான், காவி அலையில் அதன் சுவடே இல்லை. சத்தத்தைப் பலமாக ஏற்றினாலும் மொத்த வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கப்பட்டைகளுக்குப் போகும். மீதி இரண்டு பங்கையும் எந்தச் செய்தியும் சொல்லாத காவி அலையே எடுத்துக்கொள்ளும். ஏ.எம். நிலையங்களுக்கு அவ்வளவு கரண்ட் தேவைப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது பிழை எப்.எம்.மில், இதுதான் மிகவும் ஆழமாக ஊறிப்போனது. 'குரலின் மீடிறன் கூடினால் காவி அலை அதிகம் விலகும்' என்று எழுதுகிறார்கள். அப்படியல்ல. காவி அலை எவ்வளவு தூரம் விலகுகிறது என்பது குரலின் பலத்தைச் சொல்கிறது. ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் விலகித் திரும்புகிறது என்பதுதான் குரலின் சுருதியைச் சொல்கிறது.

100 மெகாஹேர்ட்ஸில் ஒரு நிலையம் இருப்பதாக வைப்போம். அதே 1 கிலோஹேர்ட்ஸ் விசிலை அனுமதித்த அளவுக்கு முழுப் பலத்தில் கொடுத்தால் காவி அலை 75 கிலோஹேர்ட்ஸ் மேலேயும் 75 கிலோஹேர்ட்ஸ் கீழேயும் போய் வரும். அதாவது 100.075இலிருந்து 99.925 வரை, செக்கனுக்கு ஆயிரம் தரம். விசிலைப் பாதிப் பலத்துக்குக் குறைத்தால் விலகல் 37.5 ஆகிவிடும், ஆனால் செக்கனுக்கு ஆயிரம் என்பது மாறாது. மறுபடி முழுப் பலத்தில், 400 ஹேர்ட்ஸ் கொண்ட தடித்த சத்தமாக மாற்றினால் விலகல் திரும்பவும் 75, எண்ணிக்கை மட்டும் 400. இந்த மூன்றையும் ஒரு தரம் கையால் வரைந்து பாருங்கள், அதற்குப் பிறகு குழப்பம் வராது. வரையும்போது அலையின் உயரம் எங்கும் மாறக் கூடாது, நெருக்கமும் ஐதும் மட்டுமே மாற வேண்டும்.

உயரம் மாறாததால்தான் இன்னொரு பிழையும் பிழையாகிறது. தூரம் போதவில்லை என்றால் மைக் சத்தத்தைக் கூட்டுவது. எப்.எம்.மில் சத்தத்தைக் கூட்டினாலும் வெளியே போகும் வலு கூடாது, விலகல்தான் கூடும். அது 75ஐத் தாண்டினால் ரேடியோவின் வடிகட்டி ஓரங்களை வெட்டிவிடும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் கரகரவென்று கிழிந்து கேட்கும், பக்கத்து நிலையத்துக்கும் தொல்லை போகும். ஏ.எம்.மில் இதே பிழை வேறு விதமாகத் தண்டிக்கும். காவி அலை 10 வோல்ட் என்றால் 5 வோல்ட் குரல் அதை 15க்கும் 5க்கும் இடையே ஆட்டும், அது நல்லது. 10 வோல்ட் குரல் 20க்கும் பூச்சியத்துக்கும் இடையே ஆட்டும், அதுதான் எல்லை. 12 வோல்ட் கொடுத்தால் கீழ்ப்பக்கம் போக இடம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் குரலின் ஒரு துண்டு அறுந்துபோய், ரேடியோவில் கரகரப்பாகத்தான் திரும்பி வரும். ரேடியோப் பக்கம் எதைத் திருப்பினாலும் அது சரிவராது, அனுப்பும் இடத்திலேயே குறைக்க வேண்டும்.

சித்திரை மாதத்துப் பிற்பகல் இடி மின்னலின்போது ஏ.எம். 'படார் படார்' என்று வெடிக்க, எப்.எம். அமைதியாக இருப்பதை மட்டக்களப்பில் யாரும் கேட்டிருப்பார்கள். எப்.எம்.மில் இரைச்சல் நுழைவதே இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வது தவறு. மின்னலின் வலு கீழ் மீடிறன்களில்தான் அதிகம், அது ஒரு காரணம். மற்றது, வந்து சேரும் இரைச்சல் அலையின் உயரத்தைக் குலைக்கிறது. எப்.எம். ரேடியோவுக்குள் இருக்கும் மட்டுப்படுத்தி அந்த உயரத்தைச் சமமாக வெட்டிவிடும். குரல் உயரத்தில் இல்லாததால் வெட்டினாலும் நட்டமில்லை. ஏ.எம்.மில் அப்படி வெட்டினால் குரலும் சேர்ந்து போய்விடும். ஆனால் அலை பலவீனமாக வந்தால் மட்டுப்படுத்திக்கு வெட்ட எதுவும் இல்லை, 'ஸ்ஸ்' சத்தம் எழும். அந்த வேளையில் ஸ்டீரியோவை நிறுத்தி மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் கணிசமாகக் குறையும். பலர் அந்தச் சுவிட்ச்சைத் தொடுவதே இல்லை.

கடைசியாகத் தூரம். 'ஏ.எம். தூரம் போகும், எப்.எம். போகாது' என்பது முறையின் மேல் சுமத்தும் பழி. தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மீடிறன்தான். விமானிகள் பேசுவது 118 மெகாஹேர்ட்ஸுக்கு மேல், அதுவும் ஏ.எம்.மில். ஆனாலும் அந்த அலை எப்.எம். போலவே பார்வைக் கோட்டைத் தாண்டி அதிகம் போவதில்லை. 1053 கிலோஹேர்ட்ஸ் தரையை ஒட்டியும், இரவில் வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பியும் வருவதால்தான் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தாண்டி மட்டக்களப்பில் எங்களிடம் சேருகிறது.

அதைப் பிடிக்க இழுப்புக் கம்பியை முழுதாக நீட்டுவது வீண் வேலை. அந்தக் கம்பி எப்.எம்.முக்கானது. அங்கே அலை நீளம் ஏறக்குறைய 3 மீற்றர், கம்பி அதில் கால்பங்கான 75 சென்ரிமீற்றர் அளவு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 1053 போன்ற மத்திய அலையை வாங்குவது பெட்டிக்குள் கிடையாகக் கிடக்கும் கறுப்பு நிற பெரைற் கோல். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும், முனை பார்த்தால் சத்தம் விழுந்துவிடும். தூத்துக்குடி எங்களுக்கு மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வாக இருக்கிறது. கோல் பெட்டியின் நீளவாக்கில் கிடப்பதால், கல்லடியில் இருப்பவர் ரேடியோவின் முகம் கடலையோ வாவியையோ பார்க்கும்படி வைத்து, பிறகு மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். அப்போதும் ஒரே சீராக 'கொர்' என்று இரைந்தால் மின்விசிறி ரெகுலேற்றரையும் எல்.ஈ.டி. பல்புகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது இரைச்சல் அடங்குகிறதோ, ரேடியோவை அதற்குத் தூரமாக வையுங்கள்.