ரைசர் டிரேயில் இடமில்லை, பஸ்வேக்கு மாறிய கதை

சேலம் ஐந்து ரோடு பக்கம் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ரைசர் ஷாஃப்டில் 300 மி.மீ. அகல டிரே போட்டு, மாடிக்கு ஒன்றாக எட்டு கேபிள்களை ஏற்றுவதாகத் திட்டம். நான்கு கோர் 70 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர்ட் கேபிளின் வெளிவிட்டம் சுமார் 38 மி.மீ., எட்டைப் பெருக்கினால் 304. ஒற்றை வரிசையிலேயே நிற்காது! "ரெண்டு அடுக்கா கட்டிடலாம் சார்" என்றார் ஃபோர்மேன் அண்ணன். அடுக்கினால் உள்ளே இருக்கும் கேபிளின் சூடு வெளியேறாது, தாங்கும் கரண்ட் குறையும். 20% இடம் விட்டால் 365, அதாவது 450 டிரே வேண்டும். ஷாஃப்டில் அதற்கு வழியில்லை.

சரி, கேபிள்களுக்குப் பதில் பெட்டிக்குள் உலோகப் பார்கள் ஓடும் 800 ஆம்ப் பஸ்வே என்று முடிவு செய்தோம். முதலில் வந்த விலைப்பட்டியலில், ஷார்ட் சர்க்யூட் ஆனால் 15 கேஏ கரண்டை ஒரு விநாடி தாங்கும் என்றிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் 630 கேவிஏ, 433 வோல்ட், இம்பீடன்ஸ் 5%. முழுச் சுமை 840 ஆம்ப், அதை 0.05 ஆல் வகுத்தால் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 16.8 கேஏ. பிரேக்கர் 0.3 விநாடியில் திறந்துவிடுவதால் சூட்டுக் கணக்கில் அந்த பஸ்வே தேறிவிடும், அங்கேதான் நானும் ஏமாறப் பார்த்தேன். முதல் உச்ச கரண்ட் இரண்டு மடங்கு, 33.6 கேஏ, இந்த பஸ்வே தாங்கும் உச்சமோ 30 தான். அந்த உச்ச கரண்டால் பார்களுக்கு இடையே எழும் காந்த விசை முதல் அரைச் சுழற்சியிலேயே பாரை வளைத்துவிடும், பிரேக்கர் எவ்வளவு சீக்கிரம் திறந்தாலும் பயனில்லை. 25 கேஏ ரகத்தை வாங்கினோம், அதன் உச்சம் 52.5.