866 காட்டுகிறது, 190 வருகிறது

செங்காங்கில் இருக்கும் மச்சான் போன மாதம் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஒன்றில் விண்டோஸ் லேப்டாப்பின் வைஃபை பக்கம். `Link speed (Receive/Transmit)` என்ற வரியில் `866/866 (Mbps)` என்று இருந்தது. இன்னொன்று வேகச் சோதனை. அதில் 190. கீழே குரல் செய்தி: "மாப்ள, மாசா மாசம் ஒரு ஜிபிபிஎஸ்-க்குக் காசு கட்டுறேன். 866 வருதுன்னு லேப்டாப்பே சொல்லுது. நடுவுல எவனோ முழுங்குறான். பேசாம 3 ஜிபிபிஎஸ் பிளானுக்கு மாறிடவா?"

அவசரப்படாதீங்க, சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். நான் வேலை பார்ப்பது நெட்வொர்க் சப்போர்ட்டில். இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு தடவையாவது வரும்; பாதிப் பேர் பிளானை மாற்றிவிட்டுத்தான் கேட்பார்கள்.

முதல் தவறு, அந்த 866-ஐ இணையத்தின் வேகம் என்று எடுத்துக்கொள்வது. அது லேப்டாப்புக்கும் அதற்கு மிக அருகில் இருக்கும் வைஃபை பெட்டிக்கும் இடையே உள்ள பேச்சு மட்டும்தான். இருவரும் சிக்னல் தரத்தைப் பார்த்து, இந்த வேகத்தில் பிட்டுகளை அனுப்பிக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்ட எண் அது. அதை யாரும் அளந்து சொல்வதில்லை, ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள். வைஃபை 5-இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓர் ஆன்டெனாவுக்கு உச்சம் 433. மச்சானின் லேப்டாப்பில் இரண்டு இருப்பதால் 866. வைஃபை 6 லேப்டாப்பாக இருந்தால் அதே இடத்தில் 1201 என்று காட்டியிருக்கும்.

சொன்னால் மச்சான் நம்பவில்லை. பாம் ஷெல்டருக்குள் இருந்த ஃபைபர் பெட்டியின் பவரை அணைத்தேன். அவர் வீட்டில் அதுவும் ரவுட்டரும் தனித்தனி. இணையம் செத்துவிட்டது, லேப்டாப்பில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஆனால் திரையில் அதே 866/866. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த எண்ணைப் பார்ப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. லேப்டாப் சும்மா இருக்கும்போது பார்த்தால் சில சமயம் 6, 72 என்று ஏதாவது சின்ன எண் இருக்கும். கடைசியாகப் போன ஏதோ ஒரு குட்டித் தகவல் எந்த வேகத்தில் போனதோ, வைஃபையை இயக்கும் சில டிரைவர் மென்பொருள்கள் அதைக் காட்டிவிடும். பெரிய ஃபைல் ஒன்றை இறக்க விட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். விண்டோஸில் இதை கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்தால் போதும்:

```
netsh wlan show interfaces
```

`Receive rate`, `Transmit rate` இரண்டும் வரும். எந்தச் சேனல், சிக்னல் எத்தனை சதவீதம் என்பதும் வரும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே வைஃபை படத்தைக் கிளிக் செய்தால் `Tx Rate` தெரியும்.

சரி, 866 என்று ஒப்புக்கொண்டார்களே, அதுவாவது முழுசாகக் கிடைக்குமா? கிடைக்காது. வைஃபையில் ஒரு சேனல் என்பது கூட்டத்தில் இருக்கும் ஒரே மைக். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். லேப்டாப் அனுப்பும் நேரத்தில் ரவுட்டர் அனுப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காத்திருக்க வேண்டும், தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பதில் வாங்க வேண்டும். இந்தக் காத்திருப்பும் பதிலும் போக, நல்ல சூழலில் லிங்க் வேகத்தில் 60 முதல் 70 சதவீதம்தான் கைக்கு வரும். 866-க்கு ஏறத்தாழ 560. இதில் யாருடைய ஏமாற்றும் இல்லை, வைஃபையின் இயல்பே அப்படி.

வீட்டில் உள்ள மற்றவர்களும் அதே மைக்கைத்தான் வாங்கிப் பேசுகிறார்கள். அடுப்படியின் கோடியில் கிடக்கும் பழைய போன் 65 எம்பிபிஎஸ்-ல் இணைந்திருக்கிறது என்று வையுங்கள். லேப்டாப் வாங்கும் அதே அளவு தகவலை வாங்க அதற்குப் பதின்மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் லேப்டாப் சும்மா நிற்கும், திரையில் 866 என்று காட்டிக்கொண்டே. புளோக்கில் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாம் அதே சேனலில் இருந்தால் அவர்களுக்கும் முறை விட்டாக வேண்டும்.

ஆனால் 560 வர வேண்டிய இடத்தில் மச்சானுக்கு வந்தது 190. பலரும் செய்யும் அடுத்த தவறை இங்கே பார்க்கலாம்: படுக்கையறையில் உட்கார்ந்து ஒரே ஒரு சோதனை செய்துவிட்டு, நிறுவனத்துக்கு போன் போடுவது. ஒரே இடத்தில் எடுத்த ஓர் எண்ணால் குற்றவாளியைப் பிடிக்க முடியாது. மூன்று இடங்களில் நின்று அளக்க வேண்டும்.

முதலில் ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் கேபிள். 935 வந்தது. ஒரு ஜிபிபிஎஸ் போர்ட்டில், ஒவ்வொரு தகவல் துண்டோடும் ஒட்டிக்கொண்டு போகும் தலைப்புத் தகவல்கள் போக 940 சுமாருக்கு மேல் யாருக்கும் வராது, ஆக பிளான் சுத்தம். நிறுவனத்தோடு சண்டை போட வேண்டியதில்லை என்பது இந்த ஓர் அளவிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, பாம் ஷெல்டரின் கதவைத் திறந்து வைத்து, ரவுட்டர் பக்கத்திலேயே நின்று வைஃபையில்: லிங்க் 866, சோதனை 560. மூன்றாவது, படுக்கையறையில்: லிங்க் அதே 866, சோதனை 190.

படுக்கையறையிலும் 866 எப்படி? அங்கே வாசல் பக்கம், வைஃபையைத் தூரத்து அறைக்குக் கடத்தும் ஒரு மெஷ் பெட்டி இருந்தது. ஜோடியாக வாங்கியதில் ஒன்று பாம் ஷெல்டரில் ரவுட்டரோடு, மற்றது இங்கே. லேப்டாப்பின் ஒப்பந்தம் இந்தப் பக்கத்துப் பெட்டியோடுதான். மூன்றடி தூரம், 866-க்குக் குறைச்சல் இல்லை. அந்தப் பெட்டிக்கு இணையம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியாது. மெஷ் செயலியைத் திறந்து பார்த்தோம். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே 433. கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி அவ்வளவு வந்ததே பெரிய விஷயம்.

433-இல் கைக்கு வருவது 280 சுமார். அப்படியென்றால் 280 ஆவது வர வேண்டாமா என்றார் மச்சான். நியாயமான கேள்வி. அவர் வாங்கியது பெட்டிகளுக்கு இடையே பேசத் தனி ரேடியோ இல்லாத மலிவு ரகம். பாம் ஷெல்டரிலிருந்து வரும் தகவலும், லேப்டாப்புக்குப் போகும் தகவலும் ஒரே சேனலில், ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. 560 மெகாபிட்டை முதல் கட்டத்தில் கடத்த இரண்டு வினாடி, அதையே லேப்டாப்புக்குக் கொடுக்க இன்னொரு வினாடி. 560-க்கு மூன்று வினாடி என்றால் வினாடிக்கு 187. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது 190.

இதற்கு 3 ஜிபிபிஎஸ் பிளான் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. குழாயின் தொடக்கத்தை அகலமாக்கினாலும் நடுவில் உள்ள நெருக்கடி அப்படியேதான் இருக்கும். லேன் கேபிள் போட்டாலும் அந்த லேப்டாப்பின் போர்ட் ஒரு ஜிபிபிஎஸ்-ஓடு நின்றுவிடும். வீட்டில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல்களை இறக்குகிறார்கள், பெட்டிகளும் போர்ட்டுகளும் அதற்கு ஏற்றவை என்றால் பெரிய பிளானுக்கு அர்த்தம் உண்டு. மச்சான் வீட்டில் இருப்பது மூன்று பேர், அதில் ஒன்று கைக்குழந்தை.

செய்ய வேண்டியது அந்த நடு வழியைக் கேபிளாக்குவது. பாம் ஷெல்டர் சுவரில் இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியாது, அதற்கு விதிகள் இருக்கின்றன. நல்ல வேளையாக அவருடைய பிடிஓ வீட்டில் கட்டும்போதே அறைகளில் லேன் பாயிண்ட் வைத்திருந்தார்கள்; எல்லாக் கேபிள்களின் மறுமுனையும் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூன்று வருஷமாக அந்தப் பாயிண்டை மறைத்து ஒரு துணிக்கூடை நின்றிருக்கிறது. கூடையை நகர்த்தி, இரண்டு சின்ன கேபிள்களால் மெஷ் பெட்டியைச் சுவர் பாயிண்டோடும், மறுமுனையை முதல் பெட்டியோடும் இணைத்தோம்.

சோதனை ஓட்டினால் 94. முன்பு இருந்ததில் பாதி! மச்சான் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

93, 94, 95 என்று வந்தால் வைஃபையைத் தொடவே வேண்டாம். எங்கோ ஒரு கேபிள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். ஜிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால், பெரும்பாலும் பெட்டிகள் புகார் சொல்லாமல் 100-க்கு இறங்கி வேலையைப் பார்க்கும். டிராயரில் கிடந்த பழைய கேபிள்தான் குற்றவாளி. கீழே கடையில் ஒரு கேட் 6 கேபிள் சில வெள்ளிக்கு வாங்கி வந்து மாற்றியதும் 540 வந்தது.

இப்போது லேப்டாப்பின் வைஃபை பக்கத்தைத் திறந்தோம். 866/866. 190 வந்தபோதும் அதுதான், 94 வந்தபோதும் அதுதான், 540 வரும்போதும் அதுதான்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் பிடிக்கும் புது லேப்டாப்பில் 2402 என்று காட்டும். அதைப் பார்த்து, பிளானை விட அதிகமாகக் கொடுக்கிறார்களோ என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்கும் ஒரு ஜிபிபிஎஸ் பிளான்தான், 940-க்கு மேல் வர வழியில்லை. இணையத்திலிருந்து இறக்கும் ஃபைலின் வேகத்தை 110 என்று பார்த்துப் பதறுகிறவர்களும் இருக்கிறார்கள்; அது மெகாபைட். எட்டால் பெருக்குங்கள், 880.

மச்சானுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். ஹாலில் வேலை பார்த்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனால், அது சில நேரம் பழைய பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது லிங்க் வேகம் 866-இலிருந்து 130, 87 என்று விழுந்திருக்கும். அந்த எண் உருப்படியாக உதவுவது இங்கேதான். வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பக்கத்துப் பெட்டிக்கு மாறிவிடும்.