அனிமேட்டருடன் திருத்தக் கணக்கை மெயிலில் பேசி முடித்தது

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு 60 வினாடி விளக்க வீடியோ. அனிமேஷனுக்கு ஈரோட்டுத் தம்பி ஒருவரைப் பிடித்தேன். "ரெண்டு ரவுண்டு திருத்தம்னு மட்டும் போடாதீங்கண்ணா, எது ஒரு ரவுண்டுன்னு எழுதிருங்க" என்றார். நியாயமான பேச்சு, ஏனென்றால் கிளையன்ட் பக்கம் முதலாளி ஒன்று சொல்வார், மறுநாள் மேனேஜர் வாட்ஸ்அப்பில் வேறொன்று சொல்வார்.

அதனால் மெயிலில் இப்படி எழுதினேன்: எல்லோருடைய கருத்தையும் நானே திரட்டி, எந்த வினாடி என்ற குறிப்போடு ஒரே பட்டியலாக அனுப்புவதுதான் ஒரு ரவுண்டு. காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டுக்கு இரண்டு, அனிமேட்டிக்குக்கு ஒன்று, முடிந்த அனிமேஷனுக்கு ஒன்று. அனிமேட்டிக் என்பது குரல்பதிவோடு ஓடும் அசையாப் படங்கள்தான், அதில் ஒரு காட்சியை நீட்டுவது சுலபம்; அசைவு சேர்த்த பிறகு அதே மாற்றத்துக்கு, அசைவு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று குறிக்கும் கீஃப்ரேம்களை எல்லாம் நகர்த்த வேண்டும். ஆகவே அனிமேட்டிக் ஓகே ஆனபின் ஸ்கிரிப்டோ குரலோ மாறினால் தனிக் கட்டணம். அனிமேட்டர் தவறவிட்டதைச் சரிசெய்வது ரவுண்டில் சேராது.

பணம் 40 சதவீதம் முன்பணம், அனிமேட்டிக் ஓகே ஆனதும் 30, வாட்டர்மார்க் இல்லாத ஃபைல் தரும்முன் மீதி 30. கிளையன்ட் எனக்குத் தாமதமாகத் தந்தாலும் இது தள்ளிப்போகாது என்றும் சேர்த்தேன்.

அப்புறம், அனிமேஷன் பாதியில் புது மாடல் பம்பையும் காட்டச் சொன்னார்கள். கூடுதல் தொகையைக் கிளையன்டிடம் ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் தம்பி அதைத் தொட்டார்.