மொத்த வாட்ஸ் சரி, ஒயர் தவறு: லோடு கணக்கைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டியவை

புது வீடு கட்டும் நண்பர் ஒருவர் தம் லோடு கணக்குத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் 10,991 வாட்ஸ். அதை 230 வோல்ட்டால் வகுத்து 48 ஆம்பியர் என்று எழுதி, மெயினுக்கு 10 சதுர மி.மீ. ஒயரும் அறைகளுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கூட்டிய எண்களில் இரண்டு தவறானவை.

ஒன்றரை டன் ஏ.சி.க்கு நேராக 5,200 வாட்ஸ் என்று இருந்தது. அது அறையிலிருந்து ஏ.சி. வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. குளிரூட்டும் திறன் என்று லேபிளில் பெரிதாக அச்சிடப்படுவதும் அதுதான். அந்த ஏ.சி. மின்கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரம் 1,600 வாட்ஸ் அளவுதான். உள்வாங்கும் மின்திறன் அதே லேபிளில் தனி வரியாக இருக்கும். கணக்கில் ஏற வேண்டியது அந்த வரி.

மோட்டாரில் தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தது. 1 குதிரைத்திறன் என்றால் 746 வாட்ஸ் என்று போட்டிருந்தார்கள். அது தண்டு வெளியே தரும் வேலை. சிறிய மோட்டாரில் கணிசமான பங்கு வெப்பமாகப் போய்விடுவதால், அதே வேலைக்கு அது சுமார் 1,100 வாட்ஸ் இழுக்கும். இரண்டையும் திருத்தினால் மொத்தம் 7,745 வாட்ஸ் ஆகிறது. அதிலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. கீசர், மோட்டார், மிக்சி, அயர்ன் பெட்டி எல்லாம் ஓடும் காலை நேரத்தைத் தனியாகக் கூட்டிப் பார்த்தோம். மெயின் ஒயரைத் தீர்மானிக்க அந்தக் கூட்டல்தான் உதவுகிறது. மெயின் பெரிதாகப் போனதால் பணம்தான் வீண், ஆபத்து இல்லை. நான் கவலைப்பட்டது படுக்கையறையைப் பார்த்துத்தான்.

அந்த அறையின் ஏ.சி.யும் பக்கத்துக் குளியலறையின் 2,000 வாட்ஸ் கீசரும் ஒரே 2.5 சதுர மி.மீ. ஒயரில் இருந்தன. கீசரில் சுருள் மட்டும் இருப்பதால் 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் போதும்: 8.7 ஆம்பியர். ஏ.சி.க்கு அப்படி வகுக்கக் கூடாது. இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டரையும் சேர்க்க வேண்டும், இங்கே அது 0.9.

```
I = P / (V × pf)
1600 / (230 × 0.9) = 7.7 A
8.7 + 7.7 = 16.4 A
```

ஒயர்கள் தாங்கும் ஆம்பியர் பட்டியலில் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு 24 ஆம்பியர் என்று பார்த்ததும், 16.4 தாராளம் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பலரும் தவறுவது இங்கேதான். அந்த 24 ஆம்பியர் ஒரு நிபந்தனையோடு வருவது: சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே ஒரு சர்க்யூட். நம் ஊரில் மேல்தளக் கான்கிரீட்டுக்குள் பதித்த பைப் கோடையில் 40 டிகிரியை எளிதாகத் தொடும், அதற்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும். இந்த அறைக்குப் போன பைப்பில் விளக்கு சர்க்யூட்டும் பக்கத்து அறை சர்க்யூட்டும் சேர்ந்து மூன்று சர்க்யூட்டுகள். ஒன்றின் சூட்டை மற்றொன்றும் தாங்க வேண்டியிருப்பதால் மேலும் 0.70-ஆல் பெருக்க வேண்டும்.

24 × 0.87 × 0.70 என்றால் 14.6 ஆம்பியர். இழுக்கப்போவதோ 16.4.

மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி., தன் அளவின் 1.13 மடங்குவரை, அதாவது 18 ஆம்பியர்வரை, ஒரு மணி நேரத்துக்குள் அணையாது. 16.4-இல் அது அசையவே அசையாது. ஒயர் மட்டும் உள்ளே சூடாகிக்கொண்டிருக்கும். அடிக்கடி அணைகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 போடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒயருக்கு இருந்த ஒரே காவலையும் அகற்றும் செயல் அது. இழுக்கும் ஆம்பியரைவிட எம்.சி.பி. பெரிதாகவும், பெருக்கிக் குறைத்த ஒயர் அளவைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

கான்கிரீட் போடும் முன்பாகத் தெரிந்துகொண்டதால், கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனிப் பைப்பில் தனித்தனி 2.5 ஒயர் இழுக்கச் சொன்னேன். தனிப் பைப்பில் அந்த ஒயர் 40 டிகிரியிலும் 20.9 ஆம்பியர் தாங்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்குப் பொருத்தம். கட்டி முடித்த வீட்டில் இதற்கு வழியில்லை என்றால், இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் ஓட விட்டு, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியில் அந்த ஒயரை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்ப் மீட்டரில் அளக்கச் சொல்லி, பெருக்கிக் குறைத்த ஒயர் அளவோடு ஒப்பிடுங்கள். எம்.சி.பி. திருகில் நுழையும் இடத்தில் ஒயரின் மேலுறை பழுப்பேறியோ விறைத்தோ இருந்தால், அளவு எதுவாக வந்தாலும் இரண்டையும் சேர்த்து ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.