பிறந்த குழந்தையின் காது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவ வார்டில் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்டு வாங்கி ஓரமாக வைப்பது பட்ஸ் டப்பாவைத்தான். சோப்பு, பவுடரோடு சேர்ந்து அதுவும் பரிசாக வந்திருக்கும்.

காதுக்குள் இருக்கும் குரும்பி அழுக்கு இல்லைம்மா. காதுத் துவாரத்தின் தோலைக் காப்பதற்காக உடம்பே சுரப்பது. குழந்தை பால் சப்பும்போது தாடை அசைய அசைய, அது தானாக வெளியே நகர்ந்து வரும். பட்ஸை விட்டால் வருகிறதைத் திரும்ப உள்ளே தள்ளி அடைத்துவிடுவோம். பச்சைக் குழந்தையின் துவாரம் ரொம்பக் குட்டை. தலையைச் சட்டென்று திருப்பினால் குச்சி செவிப்பறையில் குத்திவிடும்.

காதில் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டியதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். எண்ணெய் உள்ளே தங்கினால் ஈரமும் தங்கும், பூஞ்சை பிடிக்கும். ஊதினால் நம் வாய்க் கிருமி அங்கே போகும். பாட்டியோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள்; எண்ணெயைக் காது மடலில் மட்டும் தடவித் தரச் சொல்லுங்கள்.

சரி, எதைத்தான் துடைப்பது? கண்ணுக்குத் தெரிகிற மடலையும், காதுக்குப் பின்னால் உள்ள மடிப்பையும் மட்டும். வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, விரலில் சுற்றித் துடையுங்கள். விரல் நுனி நுழையாத இடம் நமக்கு வேண்டாம். பிறகு காய்ந்த துணியால் மடிப்பை ஒற்றி எடுங்கள்.

அந்த மடிப்பில்தான் பலருக்குப் பயம் வரும். மூன்று வாரக் குழந்தையின் இடது காதுக்குப் பின்னால் மஞ்சளாக ஏடு படிந்து, புளித்த வாடை அடிக்கிறது என்று ஓர் அம்மா பதறிக்கொண்டு வந்தார். இரவில் படுத்தபடி பால் கொடுக்கிறார். கடைவாயில் வழிந்த பால் கன்னம் வழியாக மடிப்பில் இறங்கிக் காய்ந்திருந்தது. ஈரத்துணியைச் சிறிது நேரம் வைத்து எடுத்ததும் ஏடு ஊறி வந்துவிட்டது. கீழே தோல் நன்றாகவே இருந்தது. தலையில் வருவதுபோல் பிசுபிசுப்பான மஞ்சள் செதில் காதுக்குப் பின்னாலும் வருவதுண்டு. அது சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் மறையும். நகத்தால் உரித்தால்தான் புண்ணாகும்.

அப்புறம், குரும்பியைச் சீழ் என்று நினைப்பவர்களும் உண்டு. குரும்பி மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருக்கும், நாற்றம் இருக்காது. சீழ் துடைக்கத் துடைக்க மறுபடி கசியும், நாறும். சீழோ ரத்தமோ வந்தாலும், காதின் பின்புறம் வீங்கி மடல் முன்னால் தள்ளியிருந்தாலும், ஏட்டின் கீழே தோல் சிவந்து நீர் கசிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.