கணக்கு அலுவலகங்களுக்கான சந்தா மென்பொருள்: எதை எண்ணிக் காசு வாங்குவது?

சிறிய கணக்கு அலுவலகங்கள் தங்கள் கிளையண்டுகளிடமிருந்து பில், வங்கி அறிக்கை போன்றவற்றைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு மென்பொருள் செய்தேன். செய்து முடிக்க ஆறு மாதம் ஆனது. விலையை ஒரே மதியத்தில் முடிவு செய்தேன், அதை மூன்று முறை மாற்றவும் வேண்டியதாயிற்று. நீங்கள் ஒரு முறையோடு தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

கீழே வரும் விலைகளுக்கு நாணயம் போடவில்லை. எந்த நாணயத்தை வைத்தாலும் கணக்கு அதேதான்.

படி 1: இரண்டு அலுவலகங்களை விரிதாளில் போடுங்கள்

விலை ஆய்வுக் கருவிகள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பத்துப் பேர்கூட வாடிக்கையாளராக இல்லாதபோது அவை சொல்வதில் பொருள் இல்லை. ஒரு விரிதாள் போதும். உங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு அலுவலகங்களை எடுங்கள். ஆள் எத்தனை, கிளையண்ட் எத்தனை, மென்பொருளால் மாதம் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று எழுதுங்கள்.

என் விரிதாளில் முதல் அலுவலகத்தில் 2 பேர், மாதாமாதம் வேலை நடக்கும் கிளையண்டுகள் 22, மிச்சம் 10 மணி நேரம். இரண்டாவதில் 6 பேர், 18 கிளையண்டுகள், மிச்சம் 11 மணி நேரம்.

படி 2: ஒவ்வொரு முறையிலும் பில் போட்டுப் பாருங்கள்

முதலில் நான் வைத்தது எல்லோரும் வைப்பதுதான்: ஆளுக்கு இவ்வளவு. ஆளுக்கு 30 என்றால் முதல் அலுவலகம் 60 கட்டும், இரண்டாவது 180. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம்தான் மிச்சமாகிறது, ஆனால் ஒருவர் மூன்று மடங்கு கட்டுகிறார். கிளையண்டுக்கு 4 என்று மாற்றினால் 88, 72 என்று வருகிறது. என் மென்பொருள் மிச்சப்படுத்துவது கிளையண்டைத் துரத்தும் நேரத்தை. ஆகவே கிளையண்டை எண்ணுவதுதான் நியாயமாக இருந்தது.

உங்களுடையது பில்களைப் படித்துப் பதிவு செய்யும் மென்பொருள் என்றால் இந்த முடிவு பொருந்தாது. ஒரே பெரிய கிளையண்ட் மாதம் ஆயிரம் பில் அனுப்பலாம். அங்கே ஆவணத்தைத்தான் எண்ண வேண்டும்.

ஆள் கணக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. வரித் தாக்கல் காலத்தில் முதல் அலுவலகம் மூன்று தற்காலிக ஆட்களைச் சேர்த்தது. ஆனால் பயனர் கணக்குகளின் எண்ணிக்கை கூடவில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஒரே பயனர் 9:00 மணிக்கு ஒரு கணினியிலும் 9:03-க்கு வேறொரு கணினியிலும் நுழைந்திருந்தார். கடவுச்சொல்லைப் பகிர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பகிரத் தூண்டியது என் விலைதான். ஆனால் கணக்கு வேலையில் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரிந்தாக வேண்டும், இங்கே எல்லா மாற்றமும் ஒரே பெயரில் கிடந்தது. ஆட்களுக்கு வரம்பு வைக்காதீர்கள்.

படி 3: 'கிளையண்ட்' என்றால் யார்?

நான் சறுக்கி விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

பட்டியலில் இருப்பவர்களை எல்லாம் எண்ணினால் அலுவலகம் கத்தும். முதல் அலுவலகத்தில் மாதாந்திர 22 பேர் போக, வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வரித் தாக்கலுக்கு வருபவர்கள் 38 பேர். அவர்களுக்கும் பன்னிரண்டு மாதமும் கட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்?

சரி, அந்த மாதம் ஏதாவது நடவடிக்கை இருந்தவர்களை மட்டும் எண்ணுவோம் என்று மாற்றினேன். அடுத்த பில்லில் 60 பேருமே வந்து நின்றார்கள். காரணம் தெரிய அரை நாள் ஆனது. வங்கி விவரங்களை இரவுதோறும் தானாக இழுத்து வரும் நிரல், ஒவ்வொரு கிளையண்டின் பெயரிலும் ஒரு நடவடிக்கையைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மனிதர் யாரும் தொடாத கிளையண்டுக்கெல்லாம் காசு கேட்டிருக்கிறேன்.

இப்போது மனிதர் செய்த வேலையை மட்டும் எண்ணுகிறேன்:

```sql
SELECT COUNT(DISTINCT book_id)
FROM activity
WHERE firm_id = 42
  AND book_type = 'monthly'
  AND actor = 'human'
  AND done_at >= '2025-03-01'
  AND done_at <  '2025-04-01';
```

வருடாந்திரக் கிளையண்டுக்குத் தனிக் கட்டணம்: அந்த வருடத்தின் முதல் வேலை தொடங்கும்போது ஒரே ஒரு முறை 12. அலுவலகம் அதைத் தன் தாக்கல் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும், கையிலிருந்து போவதில்லை.

படி 4: படிநிலை விலை

கிளையண்ட் கூடும்போது விலை குறைய வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். கொடுங்கள். நான் முதல் 20-க்குத் தலா 5, அதற்கு மேல் தலா 3 என்று வைத்தேன். நான் பில் போட ஸ்ட்ரைப் பயன்படுத்துகிறேன். அதில் இதற்கான அமைப்பின் பெயர் `tiers_mode`. அதற்கு `volume`, `graduated` என்று இரண்டு மதிப்புகள். நான் யோசிக்காமல் `volume` போட்டேன்.

அதில் 20-ஐத் தாண்டியதும் எல்லாக் கிளையண்டுக்குமே 3 ஆகிவிடும். 19 பேருக்கு 95, 21 பேருக்கு 63. கணக்கு பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் போகுமா? ஒரு அலுவலகத்தில் 'சும்மா 1', 'சும்மா 2' என்று இரண்டு கிளையண்டுகள் முளைத்தார்கள். ஆளுக்கு ஒரு வெற்றுத் தாளைப் பதிவேற்றியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் `graduated` ஆக மாற்றினேன். அதில் 20-க்கு மேலுள்ளவர்களுக்கு மட்டும் 3, ஆக 21 பேருக்கு 103.

முதல் அலுவலகத்தை இதில் போட்டால் மாதம் 100 + 6 = 106. வருடத்துக்கு 1272. வருடாந்திர 38 பேருக்கு 456. மொத்தம் 1728. பட்டியலில் உள்ள 60 பேருக்கும் மாதாமாதம் போட்டிருந்தால் 2640 ஆகியிருக்கும், அவர்கள் போயே போயிருப்பார்கள்.

எண்ணும் வேலையை உங்கள் தரவுத்தளத்திலேயே வையுங்கள், பில் சேவைக்கு எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள் என்பது என் கருத்து. 'ஏன் இத்தனை பேர்?' என்று கேட்டால் பெயர்ப்பட்டியலை உடனே காட்டலாம். கணக்கு அலுவலகம் கட்டாயம் கேட்கும்.

பின்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: ஒரே முதலாளிக்கு இரண்டு நிறுவனம், மனைவி பெயரில் ஒரு கடை. ஒரு கிளையண்டா, மூன்றா? மூன்று. கணக்குப் புத்தகம் தனியாக இருந்தால் தனிக் கிளையண்ட். மேலே நிரலில் `book_id` இருப்பது அதனால்தான். இதை விலைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பில் தேதிக்கு முந்தின நாள் கிளையண்டுகளைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு மறுநாள் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பில் போடும் நாளில் இருப்பவர்களை எண்ணினால் இந்த ஓட்டை இருக்கும். மேலே உள்ள நிரல் மாதம் முழுவதையும் பார்ப்பதால், காப்பகத்துக்குப் போனவரும் அந்த மாதம் வேலை நடந்திருந்தால் கணக்கில் வந்துவிடுவார். காப்பகப்படுத்தும்போது `activity` வரிகளை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அழித்துக்கொண்டிருந்தேன்.