துண்டு துண்டான அடர்த்திச் சார்பிலிருந்து F(x) காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடர்த்திச் சார்பு ஒரே சூத்திரமாக இருந்தால் குவிவு பரவல் சார்பு காண்பது வெறும் தொகையிடல்தான். துண்டுகளாகக் கொடுத்தால்தான் மதிப்பெண் போகிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

```
f(x) = x      0 ≤ x < 1
f(x) = 1/4    3 ≤ x ≤ 5
f(x) = 0      மற்ற இடங்களில்
```

முதல் துண்டின் பரப்பு 1/2, இரண்டாவதும் 1/2. மொத்தம் 1, ஆக அடர்த்தி சரிதான். இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இங்கே 1 வராவிட்டால் மேற்கொண்டு செய்வதில் பயனில்லை.

முதல் துண்டில் F(x) = x²/2. இதில் யாரும் தடுமாறுவதில்லை. சிக்கல் 3-க்கு அப்புறம். பலர் 1/4-ஐ 3 முதல் x வரை தொகையிட்டு (x−3)/4 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது 3-க்குப் பிறகு சேர்ந்த பரப்பு மட்டுமே. F(x) என்பது இடக்கோடியிலிருந்து x வரை சேர்ந்த மொத்தப் பரப்பு, அதனால் முன்பே சேர்ந்த 1/2-ஐக் கூட்டியே ஆக வேண்டும்: 1/2 + (x−3)/4, அதாவது (x−1)/4. இன்னும் சிலர் எல்லைகளே போடாமல் x/4 என்று எழுதுவார்கள். அதில் x = 5 போட்டால் 5/4 வருகிறது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டாதே!

அடுத்தது, 1-க்கும் 3-க்கும் நடுவே உள்ள பகுதி. அங்கே f பூச்சியம் என்பதால் F-உம் பூச்சியம் என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அடர்த்தி பூச்சியம் என்றால் புதிதாக எதுவும் சேரவில்லை என்றுதான் பொருள். சேர்ந்தது அப்படியே இருக்கும். ஆகவே அங்கே F(x) = 1/2. அதேபோல் 5-க்கு வலப்புறம் F பூச்சியம் ஆகாது, 1 ஆகவே நீடிக்கும்.

```
F(x) = 0          x < 0
F(x) = x²/2       0 ≤ x < 1
F(x) = 1/2        1 ≤ x < 3
F(x) = (x−1)/4    3 ≤ x < 5
F(x) = 1          x ≥ 5
```

எழுதி முடித்ததும் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் இரு பக்கச் சூத்திரங்களிலும் மதிப்பைப் போட்டுப் பாருங்கள். x = 3-இல் இடப்பக்கம் 1/2, வலப்பக்கம் (3−1)/4 = 1/2. பொருந்துகிறது. தவறான (x−3)/4 அங்கே 0 தரும். F கீழே இறங்கவே கூடாது என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். x/4 போட்டிருந்தால் 1/2-இலிருந்து 3/4-க்குத் தாவும். அடர்த்தி உள்ள மாறிக்கு F-இல் தாவல் வராது.

இந்தப் பிழை விடையில் எவ்வளவு இடிக்கும் என்றால், P(0.5 < X < 4) = F(4) − F(0.5) = 3/4 − 1/8 = 5/8. 1/2-ஐ மறந்தவருக்கு 1/4 − 1/8 = 1/8 தான் கிடைக்கும்.

இடைநிலை கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். F(x) = 1/2 என்பதற்கு இங்கே ஒரு விடை மட்டும் இல்லை; 1 முதல் 3 வரை எந்த எண்ணும் இடைநிலைதான்.